பன்னிரண்டு பெண்கள்

என் முதல் வேலையில் நான் ஒரு பத்தியை அழித்தேன். ஐந்து வரிதான் இருக்கும். அழித்தது நான்தான், வேறு யாரும் என் கையைப் பிடித்து அழிக்கவில்லை. பத்து வருடங்களுக்கு மேலாகிவிட்டது. அதற்குப் பிறகு ஆயிரக்கணக்கான வரி கோடு எழுதியிருக்கிறேன், அழித்திருக்கிறேன். அந்த ஐந்து வரி மட்டும் இன்னும் மனப்பாடமாக இருக்கிறது.

2014 ஏப்ரல். கொங்குப் பகுதியில் இருந்த ஒரு மசாலாப் பொடி நிறுவனத்தில் ஜூனியர் அனலிஸ்ட். இன்ஜினியரிங் முடித்துவிட்டு ஐ.டி. கம்பெனி அழைப்புக்காகக் காத்திருந்த இடைவெளியில் கிடைத்த வேலை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ‘பிராண்ட் ரிப்போர்ட்’ எழுத வேண்டும். நம் பெயர் எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது, எத்தனை பேர் வாங்கினார்கள், வாங்கியவர்கள் திரும்ப வாங்குவார்களா என்பதையெல்லாம் தொகுத்து நிர்வாக இயக்குநரின் மேஜையில் வைக்க வேண்டும்.

அந்த எம்.டி. மிளகாய் மண்டியில் மூட்டை எண்ணித் தொழிலுக்கு வந்தவர். பிராண்ட் ரிப்போர்ட்டை அவர் நம்பியதே இல்லை. “தம்பி, வாய்ல சொல்றதுக்குக் காசா பணமா? கேட்டா நல்லாருக்குன்னுதான் சொல்லுவாங்க. காசு கொடுத்து வாங்குனவன் பொய் சொல்ல மாட்டான். எனக்கு சேல்ஸ் நம்பர் போதுங்க” என்பார். ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தைப் புரட்டுவார், இரண்டாம் பக்கத்துக்குப் போகவே மாட்டார்.

இதைச் சொல்லும்போது பொதுவாக நாம் எம்.டி.யைப் பார்த்துச் சிரிப்போம். ஆனால் அவர் சொன்னது மோசமான தத்துவம் இல்லை. மனிதர்கள் எதை விரும்புகிறார்கள் என்பதை அவர்களிடம் கேட்காதே, எதைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று பார் என்று பொருளாதார அறிஞர் பால் சாமுவெல்சன் 1938இல் ஒரு கோட்பாடாகவே எழுதினார். மண்டியில் நின்றவருக்கு அதே முடிவு அனுபவத்தில் வந்திருந்தது. எனக்கு அவர்மீது அப்போது எரிச்சல் இருந்தது. இப்போது யோசித்தால் அந்த அறையில் சரியான கேள்வியைக் கேட்ட ஒரே ஆள் அவர்தான்.

அந்தக் காலாண்டின் கதைக்கு வருகிறேன். எண்களை எளிதாகப் புரிவதற்காக வட்டமாக்கியிருக்கிறேன். விகிதங்கள் அப்படியேதான்.

ஜனவரி முதல் மார்ச் வரை ரூபாய்க் கணக்கில் விற்பனை, முந்தைய ஆண்டின் அதே மூன்று மாதங்களைவிட 18 சதவீதம் கூடியிருந்தது. ஆபீசில் கேக் வெட்டினார்கள். நான் கணக்கைப் பிரித்துப் பார்த்தேன். இடையில் விலையை 8 சதவீதம் ஏற்றியிருந்தோம். அதைக் கழித்தால் எடையில் கூடியது 9 சதவீதம். அதாவது போன வருடம் 100 டன் என்றால் இந்த வருடம் 109 டன். அதுவும் நல்ல வளர்ச்சிதான்.

ஆனால் 109 டன்னை யார் வாங்கினார்கள்? வீட்டில் சாம்பார் வைப்பவர்கள் இல்லை. எங்கள் ஏஜென்சிகள், அதாவது டிஸ்ட்ரிபியூட்டர்கள். கம்பெனி ஏஜென்சிக்குப் பில் போடுவது பிரைமரி சேல்ஸ். ஏஜென்சி கடைகளுக்குப் போடுவது செகண்டரி. கடையிலிருந்து வீட்டுக்குப் போவது மூன்றாவது படி. எம்.டி. தினமும் காலையில் பார்த்த ‘சேல்ஸ் நம்பர்’ முதல் படி மட்டும்தான். சரக்கு ஏஜென்சியின் குடோனில் இறங்கிய நிமிடத்தில் எங்கள் கணக்கில் அது விற்றாகிவிட்டது.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கணிதம் வேண்டாம். ஆரம்பத்தில் ஏஜென்சியில் இருந்த சரக்கு, அதோடு நாம் அனுப்பியது, அதிலிருந்து கடைசியில் மிச்சம் இருந்ததைக் கழித்தால் கடைக்குப் போனது தெரியும். ஜனவரி தொடக்கத்தில் எல்லா ஏஜென்சிகளிலும் சேர்த்து ஏறக்குறைய 20 டன் இருந்தது. மார்ச் முடிவில் 32 டன். ஆக 109இல் 12 டன் குடோனில் உட்கார்ந்திருக்கிறது. கடைக்குப் போனது 97. போன வருடம் அதே மாதங்களில் குடோன் சரக்கு பெரிதாக மாறவில்லை, ஆகவே அப்போது 100 டன்னும் கடைக்குப் போயிருந்தது. நாங்கள் கேக் வெட்டிக்கொண்டிருந்த காலாண்டில் எங்கள் பொடி 3 சதவீதம் குறைவாக விற்றிருந்தது.

ஏன் இப்படி ஆனது என்பதும் பில்களிலேயே தெரிந்தது. மார்ச் மாத பில்களில் பெரும்பகுதி கடைசி மூன்று நாளில் போடப்பட்டவை. வழக்கமாக 15 நாளில் பணம் கட்ட வேண்டிய ஏஜென்சிகளுக்கு அந்த மூன்று நாளில் மட்டும் 45 நாள் கடன். வருட முடிவு, டார்கெட், இன்சென்டிவ். ‘சரக்கை எடுத்துக்கோங்க, பணத்தை மெதுவா பாத்துக்கலாம்’ என்று சேல்ஸ் ஆட்கள் இறக்கியிருக்கிறார்கள். ஏஜென்சிக்காரரால் மறுக்க முடியாது. மறுத்தால் அடுத்த சீசனில் ஓடுகிற சரக்கு அவருக்குக் கடைசியாகத்தான் வரும்.

‘காசு கொடுத்து வாங்குனவன் பொய் சொல்ல மாட்டான்’ என்பது இங்கேதான் உடைகிறது. அந்தக் கடைசி மூன்று நாளில் வாங்கியவர்கள் இன்னும் காசு கொடுக்கவில்லை. விரும்பியும் வாங்கவில்லை. யோசித்துப் பார்த்தால் எம்.டி.யின் சேல்ஸ் நம்பரும் ஒரு சர்வேதான். 46 ஏஜென்சிகளிடம், வேண்டாம் என்று சொல்ல முடியாத இடத்தில் அவர்களை நிறுத்திவைத்து, ‘எங்க சரக்கு வேணுமா?’ என்று கேட்ட சர்வே. நான் நடத்திய சர்வேயில் 400 பேரிடம் கேட்டேன். அவர்களுக்கு என்னிடம் பயம் கிடையாது என்ற வகையில் அது கொஞ்சம் மேல்.

என் கணக்கிலும் ஓட்டை இருந்தது. அதையும் சொல்ல வேண்டும். 46 ஏஜென்சிகளில் 31 பேர்தான் க்ளோசிங் ஸ்டாக் விவரம் கொடுத்திருந்தார்கள். மீதிப் பேருக்கு அந்த விகிதத்தை வைத்து நானே நிரப்பினேன். கொடுத்த 31 பேரிலும் சிலர் போன மாதத் தாளையே தேதி மாற்றி அனுப்பியிருக்கலாம். கடையின் அலமாரியில் எவ்வளவு தேங்கியிருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது. ஆக 97 என்பது 94ஆகவும் இருக்கலாம், 100ஆகவும் இருக்கலாம். 109 ஆக மட்டும் இருக்க வாய்ப்பில்லை.

இந்தக் கணக்கைத்தான் ஐந்து வரியில் ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தில் எழுதினேன்.

என் மேனேஜர் படித்தார். நல்ல மனிதர், என்னை மாலையில் டீக்கு அழைத்துப் போகிறவர். “இது போச்சுன்னா சேல்ஸ் ஹெட் நம்மள உயிரோட விடமாட்டாரு. ஸ்டாக் கணக்கு நம்ம வேலையா? நம்ம வேலை பிராண்ட். அதுல என்ன வந்திருக்கு, அதச் சொல்லு.”

பிராண்டில் வந்தது இது. கோவை, ஈரோடு, சேலம், மதுரை நான்கு ஊரில் ஊருக்கு நூறு பெண்கள். ‘சாம்பார் பொடின்னதும் முதல்ல எந்தப் பேர் ஞாபகம் வருது?’ என்று கேட்டோம். முந்தைய காலாண்டில் 400இல் 84 பேர் எங்கள் பெயரைச் சொல்லியிருந்தார்கள், 21 சதவீதம். இந்த முறை 96 பேர், 24 சதவீதம். கூடியது பன்னிரண்டு பெண்கள்.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்போம். சோறு பதமாக இருக்கிறதா என்று பார்க்க அது போதும், ஏனென்றால் ஒரே அடுப்பு, ஒரே கொதி. மனிதர்கள் அப்படி வேகமாட்டார்கள். ஊரில் எதுவுமே மாறாமல் இருக்கும்போதுகூட, இன்று வேறு 400 பேரைப் பிடித்துக் கேட்டால் எண்ணிக்கை கொஞ்சம் கூடும், கொஞ்சம் குறையும். இந்த அளவு மாதிரியில், இரண்டு சர்வேக்களுக்கு இடையிலான வித்தியாசம் வெறும் தற்செயலால் மட்டுமே கிட்டத்தட்ட ஆறு புள்ளி வரை ஆடும் என்று புள்ளியியல் சொல்கிறது. எங்களுக்கு வந்த வித்தியாசம் மூன்று. அதாவது உண்மையில் பெயர் ஒன்பது புள்ளி வளர்ந்திருக்கலாம், மூன்று புள்ளி தேய்ந்தும் இருக்கலாம். இந்தப் பன்னிரண்டு பெண்களை வைத்து எதையும் சொல்ல முடியாது.

மேனேஜர் கால்குலேட்டரை எடுத்தார். 21இலிருந்து 24 என்றால் மூன்று புள்ளி. ஆனால் மூன்றை 21ஆல் வகுத்தால் 14 சதவீதம். “பிராண்ட் நினைவில் 14 சதவீத வளர்ச்சி. இதப் போடு. சேல்ஸ் 18, பிராண்ட் 14. ரெண்டும் கைகோத்துப் போகுது பாரு.”

கணக்கு சரிதான். ஒரு இலக்கம்கூடப் பொய் இல்லை. அதனால்தான் அது என்னைத் தொந்தரவு செய்தது, அதனால்தான் நான் அதற்கு ஒப்புக்கொண்டதும். ஐந்து வரியை அழித்தேன். பிழை வரம்பு இருந்த தாளை எக்செல்லில் ‘ஹைட்’ செய்தேன்.

கூட்டத்தில் எம்.டி. முதல் பக்கத்தைப் பார்த்தார். வழக்கத்துக்கு மாறாக நிமிர்ந்தார்.

“தம்பி, இந்த நானூறு பேரு போன தடவை கேட்ட அதே ஆளுங்களா?”

“இல்லைங்க சார், வேற ஆளுங்க.”

“அப்போ கூடுனது யாருங்க?”

அறையில் யாரோ சிரித்தார்கள். விவரம் தெரியாத கேள்வி என்று நினைத்திருப்பார்கள். புள்ளியியல் படித்த ஒருவர் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். பதில் என் லேப்டாப்பில், மறைத்து வைத்த தாளில் இருந்தது. நான் சொன்னேன்: “மொத்தமா பாத்தா கூடியிருக்குங்க சார்.”

“நாலு ஊரு, நாலு பானை தம்பி” என்றார். ரிப்போர்ட்டை மூடி வைத்துவிட்டு சேல்ஸ் தாளை எடுத்துக்கொண்டார்.

அன்று இரவு எனக்கு நானே சொல்லிக்கொண்ட சமாதானம் இது: அவர் எப்படியும் நம்பப் போவதில்லை. சேல்ஸ் நம்பரைத் தவிர எதையும் ஏற்காத மனிதரிடம் உண்மையைச் சொன்னால் என்ன, அலங்கரித்துச் சொன்னால் என்ன? கேட்கிற காது இல்லாதபோது சொல்கிற கடமை எங்கிருந்து வரும்?

பிறகு பல வருடம் கழித்து கணித அறிஞர் டபிள்யூ.கே. கிளிஃபோர்டின் 1877ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்றைப் படித்தேன். நம்பிக்கையின் அறம் பற்றியது. அதில் ஒரு கப்பல் முதலாளி வருகிறார். கப்பல் பழையது, பலமுறை பழுது பார்த்தது. புலம்பெயரும் குடும்பங்களை ஏற்றிக்கொண்டு கிளம்ப இருக்கிறது. அவருக்குச் சந்தேகம் வருகிறது. எத்தனை பயணம் தாங்கிய கப்பல் இது, இதையும் தாங்கும் என்று சந்தேகத்தைத் தானே அமுக்கிக்கொள்கிறார். மனப்பூர்வமாக நம்பியே வழியனுப்புகிறார். கப்பல் மூழ்குகிறது. இன்சூரன்ஸ் பணம் வருகிறது. அவர் குற்றவாளி என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. கிளிஃபோர்டு அங்கே நிற்கவில்லை. கப்பல் பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருந்தாலும் அவர் அதே அளவு குற்றவாளிதான் என்கிறார். கையில் இருந்த சான்றுகளை வைத்து அப்படி நம்ப அவருக்கு உரிமை இல்லை. குற்றம் அந்த இடத்திலேயே முடிந்துவிட்டது, கடல் என்ன செய்தது என்பது வேறு விஷயம்.

முதல் வாசிப்பில் எம்.டி.தான் கப்பல் முதலாளி என்று தோன்றியது. பிறகு அது பொருந்தவில்லை. கப்பல் முதலாளி சந்தேகத்தை அமுக்கினார். எம்.டி. சந்தேகத்தோடு என்னிடம் வந்தார், அமுக்கியது நான். அவருடைய சந்தேகத்துக்கு ஒரு குறை இருந்தது, அது ஒரு பக்கம் மட்டும் வேலை செய்தது. சர்வேயைப் பார்த்து ‘யாருங்க?’ என்று கேட்டவர் சேல்ஸ் தாளைப் பார்த்து அதே கேள்வியைக் கேட்கவில்லை. 109 டன் வாங்கியது யாருங்க? அந்தக் கேள்வியைக் கேட்க வைக்கத்தான் எனக்குச் சம்பளம்.

நம்பாத வாசகரிடம் நம் கடமை குறைவதில்லை, கூடுகிறது என்று இப்போது நினைக்கிறேன். நம்புகிறவருக்கு நாம் தவறாகச் சொன்னால் அவர் ஒரு தவறை நம்புவார், அவ்வளவுதான். சந்தேகப்படுகிறவர் நம்மைச் சோதிக்கிறார். அந்தச் சோதனையில் கள்ளத்தனமாகத் தேறினால், அவரிடம் இருந்த தராசையே கெடுத்துவிடுகிறோம். ஒருநாள் பிடிபட்டால், அதற்குப் பிறகு வரும் உண்மையான எண்ணையும் அவர் நம்ப மாட்டார். நம்பாமலிருக்க அவருக்கு நியாயமும் இருக்கும்.

ஏப்ரல்-ஜூன் காலாண்டில் பில்லிங் 88 டன்னுக்கு இறங்கியது. நாடாளுமன்றத் தேர்தல் நேரம், பறக்கும் படை சோதனையில் யாரும் கையில் பணம் எடுத்துப் போக முடியவில்லை, வெயில் வேறு என்று சேல்ஸ் ஹெட் காரணம் சொன்னார். குடோனில் தேங்கிய பாக்கெட்டுகளில் மணம் இறங்கத் தொடங்கியது. மசாலாவில் விற்பதே அந்த மணத்தைத்தானே. சில ஏஜென்சிகள் கடனை அடைக்க வாங்கிய விலைக்கும் கீழே தள்ளிவிட்டன. சிறிய ஊரில் இருந்த ஒரு ஏஜென்சிக்காரர், எனக்குப் போனில் தவறாமல் ஸ்டாக் விவரம் சொல்கிறவர், ஏஜென்சியை ஒப்படைத்துவிட்டார். கடைசியாகப் பேசியபோது என்னைத் திட்டவில்லை. “நான்தான் கணக்கு கரெக்ட்டா கொடுத்தனே தம்பி, மேல யாரும் பாக்கலையா?” என்று கேட்டார்.

என் ஐந்து வரி இருந்திருந்தால் அவர் தப்பித்திருப்பாரா? அநேகமாக மாட்டார். சரக்கு ஏற்கெனவே இறங்கியிருந்தது. கிளிஃபோர்டைப் படித்தபோது எனக்கு வலித்த இடம் அதுதான். விளைவை வைத்து எனக்கு விடுதலை கிடையாது.

எம்.டி.க்கு இன்னொன்றும் சொல்லியிருக்கலாம். பிராண்ட் என்பது வெறும் பேச்சில்லை என்பதற்கு அடுத்த வருடமே நாடு முழுவதும் ஒரு சோதனை நடந்தது. 2015 ஜூனில் மேகி நூடுல்ஸைக் கடைகளிலிருந்து திரும்பப் பெறச் சொல்லி உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. ஆகஸ்டில் பம்பாய் உயர் நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. நவம்பரில் மேகி மீண்டும் கடைக்கு வந்தது. நடுவில் ஐந்து மாதம் சேல்ஸ் நம்பர் பூஜ்யம். சேல்ஸ் நம்பர் மட்டுமே உண்மை என்றால் அந்த ஐந்து மாதம் மேகி என்ற ஒன்றே இல்லை. ஆனால் திரும்பி வந்ததும் மக்கள் தேடி வாங்கினார்கள், மேகி மறுபடியும் முதலிடத்துக்கு வந்தது. அந்த ஐந்து மாதம் எதுவோ ஒன்று எந்தப் பில்லிலும் ஏறாமல் மக்களுடைய தலைக்குள் இருந்திருக்கிறது. அதை அளக்கத்தான் நாங்கள் அரைகுறையாக முயன்றுகொண்டிருந்தோம். அரைகுறை என்பதை ஒப்புக்கொண்டிருந்தால் அந்த முயற்சிக்கு மரியாதை மிஞ்சியிருக்கும்.

இப்போது நான் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டேஷ்போர்டுகள் கட்டுகிறேன். மேலே உள்ளவர்கள் பார்க்கும் பச்சை விளக்கு, சிவப்பு விளக்கு. புதிதாக வரும் பிள்ளைகள் முதல் ரிப்போர்ட்டைக் கொண்டுவந்து காட்டும்போது, அந்த 2014 ரிப்போர்ட்டை இன்று எழுதினால் எப்படி எழுதுவேன் என்று யோசிப்பேன். முதல் பக்கம் இவ்வளவுதான்:

‘பில் போட்டது 109 டன். கடைகளுக்குப் போனது ஏறக்குறைய 97 டன். இது 46இல் 31 ஏஜென்சிகள் கொடுத்த விவரத்தை வைத்துப் போட்ட மதிப்பீடு, மூன்று டன் அப்படி இப்படி இருக்கலாம். நம் பெயரை முதலில் சொன்னவர்கள் 84இலிருந்து 96 ஆகியிருக்கிறார்கள். இது தற்செயலாகவும் நடக்கும், அடுத்த இரண்டு சர்வேயிலும் இதே திசையில் போனால் நம்பலாம். என் கணக்கு சரியென்றால், தேங்கிய 12 டன் கழியும் வரை ஏஜென்சிகள் குறைவாக எடுப்பார்கள். கடைகளின் தேவை இப்படியே இருந்தால் ஏப்ரல்-ஜூன் பில்லிங் 85 டன் அளவுக்கு இறங்கும். 100ஐத் தாண்டினால் நான் சொன்னது தவறு.’

கடைசி வரிதான் முக்கியம். பிராண்டுக்கு ஏதோ ஒரு கோடி மதிப்புப் போட்டு ரூபாயில் பேசியிருந்தால் எம்.டி.க்குப் பிடித்திருக்கும், ஆனால் அதைச் சரிபார்க்க அவருக்கு ஒரு வழியும் இருந்திருக்காது. அவர் நம்புகிற சேல்ஸ் நம்பரையே வைத்து மூன்று மாதத்தில் என்னைத் தோற்கடிக்க அவருக்கு ஒரு வழி கொடுத்திருந்தால், அவர் என்னை நம்ப வேண்டிய அவசியமே இல்லை. ஜூலையில் தாளைப் பார்த்தால் போதும்.

அந்த எக்செல் கோப்பு இன்னும் என்னிடம் இருக்கிறது. இந்தக் கட்டுரைக்காகத் திறந்தேன். மறைத்த தாளை ‘அன்ஹைட்’ செய்ததும் பழைய எண்கள் அப்படியே வந்தன. ஏஜென்சிகளின் பட்டியலில் அந்தச் சின்ன ஊரின் பெயருக்கு எதிரே மார்ச் 31 க்ளோசிங் ஸ்டாக், கிலோ சுத்தமாக, தேதியோடு. அவர் கணக்கு கரெக்ட்டாகத்தான் கொடுத்திருக்கிறார்.